குழந்தைக்கான மருந்தளவை முழுமையாக்குவது எப்படி?

கேள்வி: "ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். 9.4 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிட்டால் 141 மி.கி. வருகிறது. கையில் இருப்பது 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப். அதில் 5.64 மி.லி. கொடுக்கச் சொல்ல முடியாது. 10 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். எல்லா மருந்துக்கும் அது பொருந்துமா? எப்போது மேலே ஏற்றுவது, எப்போது கீழே இறக்குவது? மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா?"

பதில்:

5.64 என்ற எண்ணை 5.5 ஆக்குவதா, 6 ஆக்குவதா என்று யோசிப்பதற்கு முன்னால் 141 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் பாராசிட்டமாலின் அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. நீங்கள் எடுத்துக்கொண்ட 15 அந்த வீச்சின் மேல் விளிம்பு. ஆகவே இந்தக் குழந்தைக்கு 94 மி.கி. முதல் 141 மி.கி. வரை எந்த அளவும் முறையான அளவே. அதை உங்கள் சிரப்புக்கு மாற்றினால் 3.76 மி.லி. முதல் 5.64 மி.லி. வரை வரும். இப்போது கேள்வி எளிதாகிவிடுகிறது: இந்த இடைவெளிக்குள், தாயால் தவறின்றி அளக்கக்கூடிய எண் எது? 5 மி.லி. அது 125 மி.கி., அதாவது கிலோவுக்கு 13.3 மி.கி. இந்தக் குழந்தைக்கு நான் அதைத்தான் எழுதுவேன்.

நீங்கள் கேள்விப்பட்ட 10 சதவீத விதியை இதே இடத்தில் பொருத்திப் பார்த்தால் அதன் குறை தெரியும். 141-உடன் ஒப்பிட்டால் 125 என்பது 11 சதவீதம் குறைவு. விதியின்படி அது தள்ளுபடியாகும். 6 மி.லி. கொடுத்தால் 150 மி.கி.; அது 6 சதவீதமே அதிகம், விதியின்படி தேர்ச்சி பெறும். ஆனால் உண்மையில் 125 வீச்சுக்குள் நிம்மதியாக இருக்கிறது. 150 கிலோவுக்கு 16 மி.கி. ஆகி வீச்சைத் தாண்டுகிறது. சதவீத விதி கணக்கிட்ட எண்ணை மட்டுமே மையமாக வைத்து இருபுறமும் சமமாக அளக்கிறது. அந்த எண் மருந்தின் பாதுகாப்பான வீச்சில் நடுவில் நிற்கிறதா, ஓரத்தில் நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மருத்துவமனைகளில் அந்த விதியை வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: ஒவ்வொரு சீட்டுக்கும் மருத்துவரைத் தேடி ஓடாமல், மருந்தாளுநர் எதுவரை தாமே சரிசெய்துகொள்ளலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். அளவைத் தீர்மானிக்கும் மருத்துவர் அதை முதல் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. வீச்சின் மேல் விளிம்பை வைத்துக் கணக்கிட்டிருந்தால் கீழே இறக்க வேண்டும். கீழ் விளிம்பை வைத்துக் கணக்கிட்டிருந்தால் மேலே ஏற்ற வேண்டும். நடுவிலிருந்து கணக்கிட்டிருந்தால் எது அருகிலோ அதை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் கணக்கில் அரைக்கு மேலே வந்தால் ஏற்று, கீழே வந்தால் இறக்கு என்று படித்த பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

அடுத்து நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகை. ஒரு வேளையில் ஏற்றிய சிறிய அளவு நான்கு முறை பெருகும். பாராசிட்டமாலுக்கு ஒரு நாளில் கிலோவுக்கு 60 மி.கி. என்பது எச்சரிக்கையான எல்லை. 150 மி.கி. நான்கு வேளை என்றால் 600 மி.கி., கிலோவுக்கு ஏறத்தாழ 64. 125 மி.கி. நான்கு வேளை என்றால் 500 மி.கி., கிலோவுக்கு 53. காய்ச்சல் விடாமல் மூன்று நான்கு நாள் நீடித்து, குழந்தை சரியாகச் சாப்பிடாமலும் இருக்கும்போது இந்த இடைவெளி ஈரலுக்குப் பொருட்படுத்தத்தக்கது. அதோடு, சளிக்கு என்று கடையில் வாங்கும் பல கூட்டு சிரப்புகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கூட்டுத்தொகை முழுமை பெறாது.

மூன்றாவதாக அளக்கும் கருவி. சிரப் புட்டியின் மூடியாக வரும் குவளையில் பெரும்பாலும் 2.5, 5, 7.5, 10 மி.லி. கோடுகளே இருக்கும். அந்தக் குவளைதான் வீட்டில் இருக்கிறது என்றால் 5.5 மி.லி. என்று எழுதுவதில் பொருளில்லை. தாய் கண்மதிப்பில் ஊற்றுவார், அது 5 ஆகவும் இருக்கலாம், 6.5 ஆகவும் இருக்கலாம். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சைக் கொடுத்தால் அதில் கோட்டுக்குக் கோடு வழக்கமாக 0.2 மி.லி.; 4.6 என்றோ 4.8 என்றோ அளக்கலாம். ஆனால் 5.6 வேண்டுமென்றால் இரண்டு முறை உறிஞ்ச வேண்டும். இரண்டாம் முறை மறந்துபோவதும், எத்தனை முறை கொடுத்தோம் என்று குழம்புவதும் நடக்கும். 1 மி.லி.க்கும் குறைவான அளவு என்றால் 1 மி.லி. சிரிஞ்ச் இல்லாமல் எழுதவே வேண்டாம். ஆகவே எந்தக் கோட்டில் நிறுத்தச் சொல்லப் போகிறோம் என்பதை மனத்தில் கொண்டுதான் முழுமையாக்க வேண்டும். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் ஒத்துப்போவதில்லை. அவற்றை வைத்து எழுதும் எந்த எண்ணும் ஊகமே.

இதையெல்லாம் முடித்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். முழுமையாக்கிய மி.லி. அளவை எடுத்து, புட்டியில் அச்சிட்ட வலிமையை வைத்து மீண்டும் மி.கி. ஆக்கி, எடையால் வகுத்து, கிலோவுக்கு எவ்வளவு வந்தது என்று பாருங்கள். 5 மி.லி. என்பது 125 மி.கி.; 125-ஐ 9.4-ஆல் வகுத்தால் 13.3, வீச்சுக்குள் இருக்கிறது. அரை நிமிட வேலை. புள்ளி இடம் மாறிப் பத்து மடங்கு ஆன பிழை, தவறான சிரப்பை மனத்தில் வைத்துக் கணக்கிட்ட பிழை, நாள் அளவை வேளை அளவாக எடுத்துக்கொண்ட பிழை ஆகிய மூன்றையும் இந்தத் திருப்பிக் கணக்கிடல் ஒன்றே காட்டிக்கொடுக்கும். இடைக்கட்டங்களில் எங்கும் முழுமையாக்காதீர்கள், எடையை 9.4-இலிருந்து 9 ஆக்கி, பிறகு மி.கி.யையும் முழுமையாக்கி, பிறகு மி.லி.யையும் முழுமையாக்கினால் மூன்று விலகல்களும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளலாம்.

இனி, பொருந்தாத அளவு வரும்போது வேறு வலிமையுள்ள மருந்துக்கு மாறுவது பற்றி. பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பாகவும், 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. 250 சிரப்பில் 2.5 மி.லி. கொடுத்தால் அதே 125 மி.கி.; குவளையிலும் அந்தக் கோடு உண்டு; குடிக்க மறுக்கும் குழந்தைக்குப் பாதி அளவு திரவம் என்பது ஒரு வசதி. சொட்டு மருந்தில் 1.4 மி.லி. என்றால் 140 மி.கி.; எண்ணளவில் உங்கள் 141-க்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனாலும் ஒரு வயதை நெருங்கும் குழந்தைக்கு நான் இதை விரும்புவதில்லை. சிரப்பைவிட நான்கு மடங்கு செறிவுள்ள மருந்து அது. முன்பு சிரப் கொடுத்துப் பழகிய வீட்டில் "5 மி.லி." என்ற எண்தான் நினைவில் இருக்கும், சொட்டு மருந்தை அந்த அளவில் கொடுத்தால் 500 மி.கி., அதாவது ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் போய்விடும். ஒரு மில்லிகிராம் துல்லியத்துக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் அனுப்ப வேண்டியதில்லை.

அதே குழந்தைக்குக் காதில் சீழ் என்று கோ-அமாக்ஸிக்ளேவ் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இங்கே கூடுதலாக ஒரு சிக்கல், புட்டியின் மேல் அச்சிட்ட எண். 228.5 என்று பெயரில் வரும் உலர் சிரப்பில் 5 மி.லி.க்கு அமாக்ஸிசிலின் 200 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 28.5 மி.கி. இரண்டையும் கூட்டிய எண்தான் பெயரில் இருக்கிறது; நாம் அளவைக் கணக்கிடுவதோ அமாக்ஸிசிலினை வைத்து. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 45 மி.கி. என்று கொண்டால் 423 மி.கி.; இரு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 211.5 மி.கி.; 200-ஐ வைத்து வகுத்தால் 5.29 மி.லி. இதை 5 மி.லி. ஆக்கினால் நாளுக்கு 400 மி.கி., கிலோவுக்கு 42.6. தயங்காமல் எழுதலாம். 228.5-ஐ வைத்து வகுத்தவருக்கு 4.63 மி.லி. வரும், அவர் அதை 4.5 ஆக்குவார், அமாக்ஸிசிலின் நாளுக்கு 360 மி.கி. ஆகிவிடும், கிலோவுக்கு 38. முழுமையாக்கியதால் வந்த இழப்பு இதில் சிறிதுதான். பெரும்பகுதி தவறான எண்ணை வகுத்ததால் வந்தது.

கூட்டு மருந்துகளில் ஒரு வலிமைக்குப் பதில் இன்னொன்றை இரட்டித்தோ பாதியாக்கியோ கொடுப்பதும் இதே காரணத்தால் கூடாது. 375 மாத்திரையில் அமாக்ஸிசிலின் 250, கிளாவுலானிக் அமிலம் 125. 625 மாத்திரையில் 500-உம் அதே 125-உம். இரண்டு 375 கொடுத்தால் அமாக்ஸிசிலின் பொருந்தும், கிளாவுலானிக் அமிலமோ இரட்டிக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான். உலர் சிரப்பில் நீரைக் கோடுவரை சரியாக ஊற்றாமல் கலக்கினால் செறிவே மாறிவிடும் என்பதையும், 30 மி.லி. புட்டி ஒன்று வேளைக்கு 5 மி.லி. வீதம் மூன்றே நாளில் தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள். ஐந்து நாளுக்கு எழுதிவிட்டு ஒரு புட்டி மட்டும் கொடுத்தால், 5.29-ஐப் பற்றி நாம் பட்ட கவலைக்கெல்லாம் அர்த்தமில்லை.

அமாக்ஸிசிலின் போன்ற மருந்தில் எவ்வளவு தாராளமாக முழுமையாக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிமோனியா அட்டவணையே சான்று. 250 மி.கி. கரையும் மாத்திரை, 4 கிலோவிலிருந்து 10 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேளைக்கு ஒன்று, நாளுக்கு இரு வேளை; 10 முதல் 14 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டிரண்டு; அதற்கு மேல் 19 கிலோ வரை மும்மூன்று. முதல் பிரிவில் 4 கிலோ குழந்தைக்கு வேளைக்குக் கிலோவுக்கு 62.5 மி.கி. கிடைக்கிறது, 10 கிலோவை நெருங்கும் குழந்தைக்கு 25 மி.கி.தான். இரண்டரை மடங்கு வேறுபாடு. கிராம சுகாதாரப் பணியாளர் கணக்கிட்டுத் தவறுவதைவிட, முழு மாத்திரையாக எண்ணிக் கொடுப்பது பாதுகாப்பானது என்பதாலும், இந்த மருந்து அந்த வேறுபாட்டைத் தாங்கும் என்பதாலும் அறிந்தே செய்த முழுமையாக்கல் அது.

இந்தத் தாராளத்தை ஃபெனிடாயினிடம் காட்டக் கூடாது. ஈரலில் அதைச் சிதைக்கும் நொதி சிகிச்சை அளவிலேயே நிரம்பத் தொடங்கிவிடுகிறது. அதுவரை அளவுக்கேற்ப ஏறிக்கொண்டிருந்த இரத்தச் செறிவு, அதன் பிறகு மருந்தைச் சிறிதளவு கூட்டினாலும் பெரிதாக ஏறும். ஆகவே 10 சதவீதம் கூட்டுவது என்பது இரத்தத்தில் 10 சதவீதத்தோடு நிற்காது. 13 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 65 மி.கி., வேளைக்கு 32.5. 5 மி.லி.க்கு 30 மி.கி. உள்ள சிரப்பில் 5 மி.லி. இருவேளை கொடுத்தால் 60 மி.கி., கிலோவுக்கு 4.6, தொடக்கத்துக்கு ஏற்கத்தக்கது, பிறகு வலிப்பையும் இரத்த அளவையும் பார்த்துச் சரிசெய்யலாம். 50 மி.கி. மாத்திரைதான் இருக்கிறது என்று காலையில் ஒன்று, இரவில் பாதி என எழுதினால் 75 மி.கி.; கணக்கிட்டதைவிட 15 சதவீதம் அதிகம். தள்ளாட்டம், கண்மணி இருபுறமும் துடித்து ஆடுதல், தூக்கக் கலக்கம் ஆகியவை தெரிந்தால் அளவு ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். சில குழந்தைகளில் வலிப்பே அதிகமாகும், அதைப் பார்த்து மருந்தை மேலும் கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

ஃபெனிடாயினில் இன்னும் இரண்டு பொறிகள் உள்ளன. 5 மி.லி.க்கு 30 மி.கி. உள்ளதும் 125 மி.கி. உள்ளதும் ஆக இரண்டு திரவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு எழுதிய மி.லி. அளவை மற்றொன்றில் கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். அடுத்தது உப்பு: ஃபெனிடாயின் சோடியம் 100 மி.கி.யில் ஃபெனிடாயின் 92 மி.கி.தான். சோடியம் உப்பாக உள்ள மாத்திரையிலிருந்து, உப்பல்லாத ஃபெனிடாயின் உள்ள திரவத்துக்கு அதே மி.கி. எண்ணில் மாற்றினால், நாம் அறியாமலேயே 8 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களாவோம். எனவே வலிப்பு அடங்கி நிலையாக இருக்கும் குழந்தைக்கு, முழுமையாக்க வசதி என்பதற்காக மருந்தின் வடிவத்தை மாற்றவே வேண்டாம். புட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கவும் சொல்லுங்கள். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் மருந்து குறைவாகவும், அடியை எட்டும்போது அதிகமாகவும் போகும். தாராளம் காட்டக் கூடாது என்பதில் டிகாக்ஸினும் இதே வகுப்புதான். அதில் கணக்கிட்டதை அளக்க முடியவில்லை என்றால் அளக்கக்கூடிய கருவியைத் தேட வேண்டும், எண்ணை வளைக்கக் கூடாது.

மாத்திரையை உடைப்பது பற்றிக் கேட்டீர்கள். நடுவில் கோடு உள்ள, மேற்பூச்சோ மெல்லக் கரையும் தன்மையோ இல்லாத மாத்திரையைப் பாதியாக்கலாம், மருந்தின் வீச்சு அகலமாக இருந்தால். 18 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் 270 மி.கி. வருகிறது, 500 மாத்திரை மட்டுமே இருக்கிறது என்றால், பாதி 250 மி.கி., கிலோவுக்கு 13.9, பாதிகள் சற்றுச் சமமில்லாமல் உடைந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. கால் மாத்திரை என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். நான்கு கால்களும் நான்கு விதமாக இருக்கும், மிச்சம் தூளாகும். பொடித்து 10 மி.லி. நீரில் கலந்து அதில் 3 மி.லி. எடுத்துக் கொடுங்கள் என்பதும், மருந்து நீரில் முழுமையாகக் கரையாதவரை, துல்லியம் போலத் தோன்றும் ஊகமே. தூள் அடியில் தங்கிவிடும்.

மாத்திரையை உடைக்காமலே இடைப்பட்ட அளவை எட்டும் வழி சில மருந்துகளில் உண்டு. லெவோதைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், 37.5 மைக்ரோகிராம் தேவைப்படும் வளர்ந்த குழந்தைக்கு 25-உம் 50-உம் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கொடுத்தால் சராசரி அந்த அளவில் நிற்கும். சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் பாராசிட்டமாலில் ஒரு வேளை குறைத்து அடுத்த வேளை கூட்டுவது இப்படிச் சமனாகாது. குறைந்த வேளையில் காய்ச்சல் இருக்கும், கூடிய வேளையில் எல்லை மீறும்.

சீட்டில் எழுதும்போது மி.லி.யை மட்டும் எழுதாமல், சிரப்பின் வலிமை, மி.கி., மி.லி., குழந்தையின் எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள்: "பாராசிட்டமால் சிரப் 125 மி.கி./5 மி.லி.; வேளைக்கு 5 மி.லி. (125 மி.கி.), தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம், எடை 9.4 கிலோ." 5.0 என்று எழுதாதீர்கள், 50 என்று படிக்கப்படும்; .5 என்று எழுதாதீர்கள், 5 ஆகிவிடும். எடையும் மி.கி.யும் சீட்டில் இருந்தால் மருந்தாளுநர் உங்கள் கணக்கைத் தாமே சரிபார்க்க முடியும். நீங்கள் எழுதிய வலிமை அவரிடம் இல்லாதபோது, உங்களைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்கும் தேவையும் குறையும். வெறும் "சிரப் 5 மி.லி." என்று எழுதிய சீட்டுக்கு 250 சிரப் கொடுக்கப்பட்டால், நாம் இவ்வளவு கவனமாக 13.3-இல் நிறுத்திய குழந்தைக்கு வேளைக்குக் கிலோவுக்கு 26.6 மி.கி. போகும், நான்கு வேளையில் அது 106 ஆகும். தாயின் கையில் எந்தப் புட்டி வந்திருக்கிறது என்று, முடிந்தால் அவர் வீடு திரும்பும் முன் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.